முகூர்த்தப் புடவை தாமதம்: வருத்தமும் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகளும்

காஞ்சிபுரம்
12 நவம்பர் 2025

மதுரையில் வசிக்கும் திருமதி கோமதி அம்மா அவர்களுக்கு,

பொருள்: பில் எண் 1187, 04.09.2025 தேதியிட்ட ஆர்டரில் உள்ள அரக்கு நிற முகூர்த்தப் புடவை

வணக்கம் அம்மா.

உங்கள் மகளின் திருமணத்துக்காக நீங்கள் ஆர்டர் கொடுத்த முகூர்த்தப் புடவையை, நாங்கள் ஒப்புக்கொண்டபடி நவம்பர் 25-ஆம் தேதிக்குள் கொடுக்க இயலாத நிலையில் இருக்கிறோம். இதற்காக உங்களிடமும் உங்கள் மகளிடமும் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தாமதத்துக்குக் காரணம் சரிகைத் தட்டுப்பாடு. ஆனால் அந்தத் தட்டுப்பாடு எங்களுக்கு அக்டோபர் மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அன்றே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எப்படியும் சரிகை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் சொல்லாமல் இருந்துவிட்டோம். கடந்த சனிக்கிழமை நீங்களே தொலைபேசியில் கேட்ட பிறகுதான் உங்களுக்கு விஷயம் தெரிய வந்தது. கல்யாண வீட்டில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு முக்கியம் என்பதை அறிந்த தொழிலில் இருந்துகொண்டு நாங்கள் செய்த தவறு அது. அதற்குச் சமாதானம் சொல்ல நான் விரும்பவில்லை.

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்தது கோர்வைக் கரை வைத்து, முந்தி முழுவதும் அன்னப்பட்சி வரும் அசல் சரிகைப் புடவை. அதற்கு ஏறக்குறைய ஒரு மார்க்கு, அதாவது சுமார் 240 கிராம் சரிகை வேண்டும். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது என்பதால், வெள்ளி கிடைப்பதும் அதன் விலையும் நேரடியாக எங்கள் தறியைத் தொடுகின்றன. அக்டோபரில் தீபாவளியை ஒட்டி வெள்ளி ஒரு கிலோ 2 லட்சம் ரூபாயைத் தாண்டியதை நீங்களும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களில் எங்களுக்கு வழக்கமாகச் சரிகை தரும் சூரத் உற்பத்தியாளர், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சரக்கைக்கூட அனுப்ப இயலாமல் தள்ளிப்போட்டார். நவம்பர் 3-ஆம் தேதி வேறொருவரிடமிருந்து ஒரு சரக்கு வந்தது. எந்தச் சரக்கு வந்தாலும் தறிக்குப் போகும் முன் சோதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அப்படிப் பார்த்ததில் அதில் வெள்ளியின் அளவு பேசியதைவிடக் குறைவாக இருந்ததால் அன்றே திருப்பி அனுப்பிவிட்டோம். அதைத் தறியில் ஏற்றியிருந்தால் புடவை இந்நேரம் முந்தியை எட்டியிருக்கும். இன்று பார்வைக்கு வித்தியாசமும் தெரிந்திருக்காது. சில வருடங்கள் கழித்துப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதுதான் கறுத்துத் தெரிந்திருக்கும்.

இப்போது உங்கள் புடவை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நேற்றுக் காலை நெசவாளர் வீட்டுக்கு நானே சென்று பார்த்தேன். ஆறு கெஜத்தில் மூன்றரைக் கெஜம் நெய்து, தறியில் வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். துணியை விலக்கிப் பார்த்தபோது, உங்கள் மகள் எங்கள் கடை வாசலில் வெயிலில் நின்று கையில் போட்டுப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொன்ன அதே அரக்கு, அதே மாம்பழ மஞ்சள் கரை. கரையும் உடலும் சேரும் இடத்தில் கோர்வை சுத்தமாக விழுந்திருக்கிறது. மூன்று நாடா வைத்து நெய்யும் வேலை என்பதால் அவருடன் இன்னொருவரும் தறியில் உட்கார வேண்டும். இருவரும் வேலை இல்லாமல் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் நாட்களுக்கான கூலியை நாங்கள் கொடுத்து வருகிறோம், அது உங்கள் கணக்கில் சேராது. கையிருப்பில் அதே சரக்கின் சரிகை அரை மார்க்குக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. சரிகையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது முந்திதான். அதை இனிமேல்தான் நெய்ய வேண்டும்.

திருமணம் தை 14, ஜனவரி 28 புதன்கிழமை என்று பில்லிலேயே குறித்து வைத்திருக்கிறோம். ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யத் தையல்காரர் மூன்று வாரம் கேட்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். இந்த இரண்டு தேதிகளையும் மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ள வழிகளை யோசித்திருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது முழுக்க உங்கள் விருப்பம்.

முதல் வழி, நீங்கள் கேட்ட புடவையையே எந்த மாற்றமும் இல்லாமல் நெய்து முடிப்பது. சூரத் உற்பத்தியாளர் ஒன்றரை மார்க்கு சரிகையை நவம்பர் 24-ஆம் தேதிக்குள் அனுப்புவதாக இப்போது எழுத்து மூலம் உறுதி கொடுத்திருக்கிறார். அதற்கான முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டோம். அது வந்து சோதனை முடிந்தால் டிசம்பர் 10 வாக்கில் புடவை தறியிலிருந்து இறங்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் நெசவு மந்தப்படும் என்பதால் அதற்கு ஐந்து நாள் கூடுதலாகச் சேர்த்து, டிசம்பர் 15-ஆம் தேதியைக் கெடுவாகச் சொல்கிறேன். ரவிக்கைத் துணிக்காக நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் புடவைக்குச் சாயம் தோய்த்த அதே தொட்டியில் தோய்த்த இன்னொரு பாவு எங்களிடம் இருக்கிறது. கையிருப்பில் உள்ள சரிகையைக் கொண்டு கை பார்டருடன் ரவிக்கைத் துணியை மட்டும் அதில் தனியாக நெய்து, நவம்பர் 22-ஆம் தேதி உங்கள் கைக்குக் கிடைக்கச் செய்கிறோம். ஒரே தொட்டிச் சாயம் என்பதால் நிறத்தில் மாற்றம் இருக்காது. இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் பேசிய விலை 92,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் குறைத்துக்கொள்கிறோம்; வெள்ளி விலை ஏறியதற்காக ஒரு ரூபாயும் கூட்ட மாட்டோம். முந்திக்குக் குஞ்சம் கட்டுவதும் எங்கள் செலவு. புடவையைக் கூரியரில் போடாமல் எங்கள் ஆள் ஒருவர் மதுரைக்கே நேரில் கொண்டுவந்து கொடுப்பார். என் அனுபவத்தில், உங்கள் மகள் விரும்பியது விரும்பியபடி கிடைக்க இதுவே சரியான வழி என்று கருதுகிறேன்.

இவ்வளவு நாள் காத்திருப்பது மனத்துக்குச் சிரமமாக இருந்தால், முந்தியின் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது வழி. அன்னப்பட்சியைச் சரிகையில் நெருக்கமாக நெய்வதற்குப் பதிலாக, இரண்டு பட்டையில் மட்டும் சரிகை வைத்து, இடையில் மாம்பழ மஞ்சள் பட்டு நூலால் நெய்யலாம். இருக்கும் சரிகையே இதற்குப் போதும். டிசம்பர் 2-ஆம் தேதி கொடுத்துவிடலாம், விலையும் 74,000 ரூபாயாகக் குறையும். ரவிக்கைத் துணியும் புடவையோடு சேர்ந்து அதே நாளில்தான் கிடைக்கும். இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: முந்தியின் கனம் குறையும், மேடையில் நிற்கும்போது தோளிலிருந்து விழும் அந்த நிறைவு இருக்காது. உங்கள் மகள் அன்றைக்கு அரை மணி நேரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அந்த முந்தியைத்தான் என்பதால், அவரைக் கேட்காமல் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவதாக, கடையில் தயாராக இருக்கும் புடவைகளிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். விலையேற்றத்துக்கு முன்பே வாங்கிய சரிகையில் நெய்த ஐந்து கோர்வைப் புடவைகளை உங்களுக்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். அரக்கில் இரண்டு, குங்குமச் சிவப்பில் இரண்டு, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று. ஐந்துக்கும் சில்க் மார்க் முத்திரை உண்டு. அரக்கில் ஒன்றின் முந்தியில் அன்னப்பட்சி இருக்கிறது, ஆனால் கரை மஞ்சள் அல்ல, பச்சை. இவற்றின் விலை 88,000 முதல் 1,05,000 ரூபாய் வரை. எதை எடுத்தாலும் நீங்கள் ஏற்கெனவே பேசிய 92,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. குறைந்த விலைப் புடவையை எடுத்தால் அந்தக் குறைந்த விலையே. வாட்ஸ்அப் வீடியோவில் பகல் வெளிச்சத்தில் காட்டுகிறோம், அல்லது ஐந்தையும் எங்கள் ஆள் மதுரைக்குக் கொண்டுவந்து உங்கள் வீட்டிலேயே விரித்துக் காட்டுவார்.

இவை எதுவும் வேண்டாம், வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று நீங்கள் முடிவு செய்தால் அதையும் முழு மனத்தோடு ஏற்றுக்கொள்கிறோம். நீங்கள் கொடுத்த முன்பணம் 35,000 ரூபாயும் எந்தப் பிடித்தமும் இல்லாமல், நீங்கள் சொன்ன நாளிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடும். பாதி நெய்த புடவையைப் பற்றி நீங்கள் சங்கடப்பட வேண்டாம். அது எங்கள் பொறுப்பு.

செப்பு இழையில் வெள்ளி முலாம் ஏற்றிய சரிகையைக் கொண்டு முடித்துவிடலாமே என்ற யோசனை எங்களிடமும் சிலர் சொன்னார்கள். அதை உங்களுக்கு ஒரு வழியாக நான் எழுதவில்லை. அசல் சரிகை என்று பில்லில் எழுதிக் கொடுத்துவிட்டு, உடலில் ஒரு சரிகையும் முந்தியில் இன்னொரு சரிகையுமாகப் புடவையைக் கொடுக்க எங்களால் முடியாது. புடவை வந்ததும் சோதனைச் சீட்டும் அதனுடன் இருக்கும். சந்தேகம் இருந்தால் நீங்கள் வேறு எங்கு வேண்டுமானாலும் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம், குறை இருந்தால் முழுப் பணமும் உங்களுடையது.

உறவினர்களுக்காக நீங்கள் எடுத்த நான்கு புடவைகளுக்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பில்லை. அவை தயாராக உள்ளன. நவம்பர் 15, சனிக்கிழமை கூரியரில் அனுப்புகிறோம்.

முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால், சரிகை வந்த அன்றும், முந்தி தொடங்கும் அன்றும், புடவை தறியிலிருந்து இறங்கும் அன்றும் தறியில் எடுத்த படத்தை உங்களுக்கு அனுப்புவோம். சரிகை நவம்பர் 24-ஆம் தேதி வந்து சேராவிட்டால், நீங்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் அன்று மாலைக்குள் நானே அழைத்துச் சொல்வேன். அப்போதும் மூன்றாவது வழியும் பணத்தைத் திரும்பப் பெறும் வழியும் உங்களுக்குத் திறந்தே இருக்கும். அந்த ஐந்து புடவைகளையும் அதுவரை வேறு யாருக்கும் விற்க மாட்டோம்.

உங்கள் மகளோடும் வீட்டாரோடும் கலந்து பேசி, நவம்பர் 18, செவ்வாய்க்கிழமைக்குள் உங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். ரவிக்கைத் துணியைச் சொன்ன தேதியில் கொடுக்க வேண்டுமானால் அதற்கு மேல் தாமதிக்க இயலாது என்பதால்தான் இந்தத் தேதியைக் கேட்கிறேன். பில்லில் உள்ள எண்ணுக்கு எந்த நேரத்தில் அழைத்தாலும், உங்கள் ஆர்டர் பற்றிய அழைப்பை நேரடியாக என்னிடம் கொடுக்கும்படி கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். பேசி முடித்ததும், நாம் ஒப்புக்கொண்ட தேதியையும் விலையையும் கையெழுத்திட்டு உங்களுக்கு எழுத்தில் அனுப்புகிறேன்.

உங்களுக்கு நேர்ந்த மன உளைச்சலுக்காக மீண்டும் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

உரிமையாளர்
பட்டு ஜவுளிக் கடை, காந்தி சாலை, காஞ்சிபுரம்

இணைப்பு: தறியில் உள்ள புடவையின் படங்கள் இரண்டு, தயாராக உள்ள ஐந்து புடவைகளின் படங்களும் விலையும், பில் எண் 1187-இன் நகல்