பொங்கலுக்கு வீடு சுத்தம், ஜனவரி 1ல இருந்து 14 வரைக்கும்

எல்லாரும் ஒருதடவை முழுசா படிச்சிருங்க. 14ந்தேதி புதன் போகி, 15 பொங்கல். வருஷா வருஷம் கடைசி ரெண்டு நாள்ல மொத்தத்தையும் இழுத்துப்போட்டு அத்தை முட்டிவலியோட பொங்கல் வைக்கறாங்க, இந்த தடவை அது வேண்டவே வேண்டாம். மேல இருந்து கீழ, தூசி வேலை முதல்ல, தண்ணி வேலை கடைசில.

1 வியாழன்: லீவு நாள், பரண். நீங்களும் தம்பியும் ஏறி எல்லாத்தையும் இறக்கிருங்க. அத்தை கீழ சேர்ல உக்காந்து எது வேணும் வேண்டாம்னு சொன்னா போதும்.

2 வெள்ளி: ஒட்டடை அடிக்கக்கூடாது. இறக்கினதைப் பிரிக்கற வேலை மட்டும். பிளாஸ்டிக், பழைய ஒயர் எதுவும் போகிக்கு எரிக்க வேண்டாம், மாமாவுக்கு புகை ஒத்துக்காது, எல்லாம் பழைய பேப்பர்காரருக்கு.

3 சனி: வீடு முழுக்க ஒட்டடை, ஃபேன். பழைய தலகாணி உறைய றெக்கைல மாட்டி அப்படியே பின்னாடி உருவினா தூசி உறைக்குள்ளயே விழுந்துரும், கட்டில்ல கொட்டாது.

4 ஞாயிறு: ரெண்டு பெட்ரூமும். மெத்தைய மொட்டைமாடில போடணும், மார்கழிப் பனி ஈரம் காஞ்சப்புறம், ஒம்பது மணிக்கு மேல.

5, 6: பீரோ. சின்னதா போன துணிய பாப்பா தனியா எடுத்து வைக்கட்டும்.

7, 8: ஹால், ஜன்னல், ஸ்க்ரீன் துணி துவைக்கறது.

9 வெள்ளி: ரெஸ்ட்.

10 சனி: பாத்ரூம். ஆசிடையும் ப்ளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் சேர்த்து ஊத்தாதீங்க, அதுல வர்ற குளோரின் வாயு நெஞ்சை அடைச்சிரும். கதவு ஜன்னல் திறந்தே இருக்கணும்.

11 ஞாயிறு: கிச்சன், இதுதான் பெரிய வேலை. எக்ஸாஸ்ட் ஃபேன் ப்ளக்கை புடுங்கிட்டு, றெக்கைய மட்டும் கழட்டி வாஷிங் சோடா போட்ட சுடுதண்ணில அரைமணி ஊற வச்சா பிசுக்கு தானா இளகும், சுரண்ட வேண்டியதில்ல. டப்பா எல்லாம் கழுவி நல்லா காயணும், ஈரத்தோட பருப்பு கொட்டினா வண்டு வந்துரும். அன்னைக்கு மதியம் சாப்பாடு வெளிய வாங்கிக்கலாம், அத்தை, நீங்க மறுக்கக்கூடாது.

12 திங்கள்: பூஜை ரூம். செவ்வாய், வெள்ளி விளக்கு கழுவ மாட்டோம், அதனால திங்களே முடிக்கணும். குத்துவிளக்கு, பித்தளைப் பானைக்கு புளி, அப்புறம் விபூதி வச்சு துணியால தேய்க்கறது, தண்ணிக்கறை நிக்கவே கூடாது. பானைய நானே பாத்துக்கறேன்.

13 செவ்வாய்: வாசல், படி, வண்டி நிக்கற இடம். சந்தைல ஆவாரம்பூ, பூளைப்பூ வாங்கிட்டு வந்துருங்க மாமா, மறுநாள் விலை ஏறிரும்.

14 போகி: காலைல வீடு முழுக்க கழுவி விடறது மட்டும். சாயங்காலம் வேப்பிலையோட சேர்த்து காப்பு கட்டணும், வாசல் நிலை, கிணத்தடி, மாட்டுக்கொட்டாய் மூணும் மறக்காதீங்க.