ஊறுகாய் எபிசோடு: விளம்பரப் பகுதி ஸ்கிரிப்ட் (மூணாவது திருத்தம்)

தம்பிக்கு: நீ எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா "நண்பர்களே"ன்னு ஆரம்பிச்ச உடனே உன் குரல் பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரி ஆயிடுது. நாம என்னிக்குடா நண்பர்களேன்னு கூப்பிட்டிருக்கோம்? எடுத்துட்டேன். விளம்பரத்துக்குக் காசு குடுத்த செக்குக்காரர் அனுப்புன குறிப்புல இருந்த மூட்டுவலி, கொழுப்பு, சர்க்கரை மூணு வரியும் போயிருச்சு. போன்ல சொன்னேன், சரின்னுட்டார். வாய் தவறிக்கூட அது வரக்கூடாது. விலை, அளவு வர்ற வரிகளை மட்டும் அப்படியே படி. மத்ததை உன் வாய்க்கு வர்ற மாதிரி மாத்திக்கோ.

எடிட்டிங்குக்கு: விளம்பரத்துக்கு அடியில இசை வேண்டாம். தொடங்கும்போதும் முடியும்போதும் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுற சத்தம் மட்டும். ரெண்டு தட்டுக்கு நடுவுல வர்றது காசு வாங்குனது, அவ்வளவுதான்.

தொடக்கம் (தலைப்பு இசை முடிஞ்ச உடனே)

அக்கா: வணக்கம். இன்னிக்கு ஊறுகாய். நடுவுல ஒரு காசு வாங்குன விளம்பரம் வரும், டம்ளர் சத்தம் கேட்டா அதுதான். சரி, மாவடுல இருந்து ஆரம்பிக்கலாமா?

நடுப்பகுதி (மாவடு பேச்சு முடியுற இடம்)

அக்கா: ...காம்பு கொஞ்சம் விட்டுத்தான் நறுக்கணும். காம்பை ஒட்ட எடுத்தா அந்த வழியா அழுக ஆரம்பிச்சிரும். கழுவித் துடைச்சு, விளக்கெண்ணெய் ரெண்டு கரண்டி விட்டுப் புரட்டி, கல் உப்பு, மஞ்சள், கடுகுப் பொடி. மூணு நாள்ல வடு தன் தண்ணியை விட்டுச் சுருங்கும்.

தம்பி: நான் சின்ன வயசுல அந்தத் தண்ணி நீ ஊத்துனதுன்னு நெனச்சேன்க்கா.

அக்கா: ஒரு சொட்டு ஊத்த மாட்டோம். உப்புதான் இழுத்து வெளிய கொண்டு வருது. மாவடு அந்த உப்புத் தண்ணியிலயே கெடக்கும். எண்ணெய் மாங்காய்க்கு வந்தா கதை வேற. துண்டு முங்குற அளவுக்கு மேல நல்லெண்ணெய் நிக்கணும்.

தம்பி: காத்து படாம இருக்க.

அக்கா: ஆமா. பூஞ்சைக்குக் காத்து வேணும். ஆனா எண்ணெய் இருக்குன்னு உப்பைக் கொறைச்சீங்கன்னா ஜாடி போச்சு. காவக்காரன் உப்புதான், எண்ணெய் கதவு.

*(டம்ளர் தட்டு)*

தம்பி: கதவுன்னதும் டம்ளர் தட்டியாச்சு. இது விளம்பரம். சிவகிரி பக்கத்துல இருக்குற ஒரு மரச்செக்குக்காரர் இந்த எபிசோடுக்கும் அடுத்ததுக்கும் காசு குடுத்திருக்கார். கடைக்குப் பேர் கிடையாதுங்க. போர்டுல "மரச்செக்கு எண்ணெய்"னு மட்டும் எழுதியிருக்கும். ஊர்ல எல்லாரும் செக்குக்காரர் கடைன்னு சொல்றாங்க, நாங்களும் அப்படியே சொல்றோம்.

அக்கா: அவர் எள் எபிசோடுலதான் விளம்பரம் வேணும்னு கேட்டார். நாங்க மாட்டேன்னுட்டோம்.

தம்பி: அன்னிக்கு எண்ணெய்ங்கிற சொல்லே எள்ளும் நெய்யும் சேர்ந்ததுன்னு ஒரு மணி நேரம் பேசுனோம்ல. நடுவுல இவர் வந்திருந்தா, அந்த ஒரு மணி நேரமும் இவருக்காகப் பேசுன மாதிரி ஆயிருக்கும்.

அக்கா: நான் முதல்ல என் காசுல ரெண்டு லிட்டர் வாங்குனேன். விளம்பரம் பேசுறதுக்கு முன்னாடி. நாப்பது நாள் எங்க வீட்டு இட்லிப் பொடிக்கும் புளிக்காய்ச்சலுக்கும் அதுதான். மூடியைத் தொறந்தா வறுக்காத எள்ளு வாசம், நாக்குல லேசா இனிப்பு. இனிப்பு எதுனாலன்னா, செக்குல எள்ளோட கருப்பட்டி போட்டு ஆட்டுறார். அது போட்டாத்தான் புண்ணாக்கு கட்டிப் பிடிச்சு எண்ணெய் பிரியும்.

தம்பி: குறையையும் சொல்லு.

அக்கா: ரெண்டு. முதல் பாட்டில் கூரியர்ல வரும்போது மூடி கசிஞ்சு, அட்டைப்பெட்டியே ஊறிப் போயிருந்துச்சு. மாத்திக் குடுத்தார், இப்ப உள்மூடி ஒண்ணு வெச்சு அனுப்புறார். ரெண்டாவது, அடியில மண்டி தேங்கும். கலப்படம் இல்ல, வடிகட்டாம வெயில்ல தெளிய வெக்கிறதோட சரி. கடைசி ரெண்டு கரண்டியை நான் தாளிக்க மட்டும் எடுத்துக்குவேன்.

தம்பி: விலை. ஒரு லிட்டர் 440 ரூபா, கூரியர் தனி. அதிகமான்னு கேட்டா, ஒரு லிட்டர் எடுக்க ஏறக்குறைய ரெண்டரைக் கிலோ எள் வேணும். உங்க ஊர்ல எள் என்ன விலைன்னு பாத்துட்டு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. எள்ளோட விலைக்கும் கம்மியா யாராவது செக்கு நல்லெண்ணெய் குடுத்தா, எப்படிங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. இவர்கிட்டயும் கேளுங்க.

அக்கா: லேபிள்ல 14 இலக்க உணவு உரிம எண் இருக்கும், அதையும் பாருங்க. அப்பறம், பஜ்ஜி, அப்பளம் பொரிக்க இதை வாங்காதீங்க. சட்டியில நொரைக்கும், சீக்கிரம் புகையும், உங்க காசுக்கும் கேடு. எங்கம்மா பொரிக்கிறதுக்கு இன்னும் ரீஃபைண்டுதான் வாங்குறாங்க. நாங்க அவங்ககிட்ட சண்டை போடல.

தம்பி: போட்டுப் பாத்தோம். தோத்துட்டோம்.

அக்கா: *(சிரிப்பு வந்தா விட்டுரு, வெட்ட வேண்டாம்)* வேணுங்கிறவங்களுக்கு எபிசோடு குறிப்புல வாட்ஸ்அப் லிங்க் இருக்கு. ஆர்டர்ல `VADU`ன்னு போட்டா 40 ரூபா கொறையும். எத்தனை பாட்டில் வித்தாலும் அதுல எங்களுக்குப் பங்கு கிடையாது, ரெண்டு எபிசோடுக்கு மொத்தமா வாங்கியாச்சு. வீட்டுல நல்ல எண்ணெய் இருந்தா அதையே ஊத்துங்க, மாங்காய்க்கு வித்தியாசம் தெரியாது.

தம்பி: செக்குக்காரர் இதைக் கேட்டுட்டு இருப்பாருக்கா.

அக்கா: கேட்டும் சரின்னுதான் சொன்னார்.

*(டம்ளர் தட்டு)*

தம்பி: விளம்பரம் முடிஞ்சுது. மாங்காய்த் துண்டு முங்குற அளவுக்கு எண்ணெய் நிக்கணும்னு சொன்ன. எத்தனை நாளைக்கு?

அக்கா: முதல் வாரம் தெனம் ஒருக்கா காய்ஞ்ச கரண்டியால கிளறு. மாங்காய் எண்ணெயைக் குடிக்கும், மட்டம் எறங்கும். எறங்குனா காய்ச்சி ஆற வெச்சு இன்னும் கொஞ்சம் ஊத்து. சூட்டோட ஊத்திட்டு வந்து எனக்குப் போன் போடாத.

*(இதுக்கு அப்பறம் எலுமிச்சை ஊறுகாய்ப் பேச்சு, ஸ்கிரிப்ட் வேண்டாம், சும்மா பேசலாம். உப்பு அளவு மட்டும் தாள்ல எழுதி வெச்சிருக்கேன்.)*

முடிவு (கடைசி அரை நிமிஷம்)

தம்பி: இந்த எபிசோடுல வந்த விளம்பரம் சிவகிரி செக்குக்காரர் கடையோடது, காசு வாங்கித்தான் பேசுனோம். வாங்கிட்டு எண்ணெய் சரியில்லன்னா அவருக்கும் எழுதுங்க, எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல உங்க கடிதத்தைப் படிச்சிட்டுத்தான் ரெண்டாவது விளம்பரம். அவர்கிட்ட அப்படித்தான் பேசியிருக்கோம்.

அக்கா: ஜாடி வாய்க்கு வெள்ளைத் துணியில வேடு கட்ட மறந்துராதீங்க. நைலான் துணி வேண்டாம். அடுத்த வாரம் வடகம், வெயில் இருந்தா.

*(தலைப்பு இசை. மழை வந்தா கடைசி வரியை மாத்தணும், எனக்கு ஒரு மெசேஜ் போடு.)*