நம் தெருவுக்கு ஒரு மழைநீர்த் தொட்டி

நங்கநல்லூர்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்டை வீட்டாருக்கு,

வணக்கம். சங்கக் கட்டடத்தை ஒட்டி 20,000 லிட்டர் நிலத்தடித் தொட்டி கட்டலாம் என்று போன கூட்டத்தில் சொன்னேன். "அதனால் நமக்கு என்ன லாபம் சார்?" என்று கேட்டீர்கள். கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் கணக்குதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். சங்கத்தின் மொட்டைமாடி 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். சென்னைக்கு ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். ஆவியாவதும் சிந்துவதும் போக எண்பது சதவீதம் பிடித்தால்கூட ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். 12,000 லிட்டர் லாரி எட்டுக்கும் அதிகம். இப்போது அவ்வளவும் சாக்கடைக்குத்தான் போகிறது.

தொட்டியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் 18 வீடுகளும் தினமும் வீட்டுக்குப் பத்துக் குடம் எடுத்தால் முழுத் தொட்டி ஒரு வாரத்தில் காலி. லாரி வராத நாட்களைச் சமாளிக்க அந்த ஒரு வாரமே பெரிய விஷயம். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

என் கண் தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர்மேல்தான். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டி சீக்கிரமே நிரம்பிவிடும். மிச்சத்தைக் குழாய் வழியாகப் பின்புறத்துப் பழைய கிணற்றில் விட்டால் அது மண்ணுக்குள் இறங்கும். சுற்றியுள்ள வீடுகளின் போர்வெல்லுக்கு அதுதான் தீனி. ஒரே மழைக்காலத்தில் அதிசயம் நடக்காது. ஆண்டுதோறும் விட்டுவந்தால் பலன் தெரியும். தெருவில் ஓடும் தண்ணீரை மட்டும் கிணற்றில் விடவே கூடாது. அதில் எண்ணெயும் சாக்கடையும் கலந்திருக்கும்.

2003-இல் சட்டம் வந்ததும் எல்லோரும் வீட்டில் குழாய் போட்டோம். பல வீடுகளில் அது இன்று அடைத்துக் கிடக்கிறது. இதற்கும் அந்தக் கதி வரக் கூடாது என்றால் புரட்டாசியில் மாடியைப் பெருக்கி, வடிகட்டியில் உள்ள மணலையும் ஜல்லியையும் கழுவ வேண்டும். முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். கொசு புகாமல் வலை, குழந்தைகள் திறக்காதபடி பூட்டுப் போட்ட மூடி, இரண்டும் கட்டாயம். இந்தத் தண்ணீர் துவைக்க, பாத்திரம் கழுவ, செடிக்கு. பரிசோதிக்காமல் குடிக்க வேண்டாம்.

செலவு பற்றி இரண்டு மேஸ்திரிகளிடம் கேட்டிருக்கிறேன். எழுதித் தந்ததும் காட்டுகிறேன். வாடகைக்கு இருப்பவர்களிடம் பணம் கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து, வீட்டுக்காரர்கள் பகிர்ந்துகொள்ளலாம். வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் பேசுவோம். வர முடியாதவர்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதி என் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
14ஆம் எண் வீட்டுக் கணக்கு வாத்தியார் (ஓய்வு)