வாய்ப்புண் நோயாளியின் உணவு, சுவை மதிப்பீட்டுக் குறிப்பு (10.07.2025, வியாழன்)

நோயாளி: 61 வயது ஆண். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை அருகே தென்னந்தோப்பில் வேலை. வெற்றிலை, புகையிலை பழக்கம் இருந்தது. அறுவைக்குப் பிறகு விட்டுவிட்டார். சர்க்கரை நோய் இல்லை.

நோயும் சிகிச்சையும்: இடது கன்னத்தின் உட்பக்கத்தில் புற்றுநோய். அறுவை முடிந்து, 16.06.2025 முதல் கோயம்புத்தூரில் கதிர்வீச்சு. மொத்தம் 30 முறை, 60 கிரே. இன்று 19ஆவது முறை, 38 கிரே. கூடவே கீமோ இல்லை.

யாருக்கு: வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸுக்கும், சமைத்துக் கொடுக்கும் மருமகளுக்கும். மருமகள் தமிழ் வழியில் படித்தவர் என்பதால் முழுவதும் தமிழில் எழுதியிருக்கிறேன். வீட்டு நோட்டில் ஒட்டி வைக்கவும்.

அனுப்பியதற்குக் காரணம்

"சாப்பிடவே மாட்டேங்கிறார், வாய் ருசி போச்சுன்னு சொல்றார்" என்று குடும்பத்தார் சொன்னதால் உணவு மதிப்பீட்டுக்கு டாக்டர் என்னிடம் அனுப்பினார். ருசி போனது உண்மைதான். ஆனால் உணவு குறைந்ததற்கு அது இரண்டாவது காரணம். முதல் காரணம் வலி. அதையும் விட யாரும் கவனிக்காத ஒன்று, பயண நேரப் பட்டினி. மூன்றுக்கும் வழி வேறு வேறு. அதனால் கீழே தனித்தனியாக எழுதுகிறேன்.

எடை

ஆரம்பத்தில் 54.0 கிலோ, ஜூன் 27இல் 52.8, ஜூலை 4இல் 51.6, இன்று 50.2. நான்கு வாரம்கூட ஆகவில்லை, 3.8 கிலோ குறைந்துவிட்டது. அதாவது 7 சதவீதம். ஒரு மாதத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினாலே கடுமையான இழப்புதான். உயரம் 162 செ.மீ., பிஎம்ஐ 19.1. மேற்கை சதை கரைந்திருப்பது பார்த்தாலே தெரிகிறது. சட்டை தொளதொளத்துவிட்டது என்று மருமகளும் சொன்னார்.

வாய்

இடது கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் இடது ஓரம், கீழ் உதட்டின் உட்புறம் ஆகிய இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்த புண்கள். மேலே வெண்மஞ்சள் படலம். துடைத்தால் வரும் வெள்ளைத் திட்டு இல்லை, ஆகவே இன்றைக்குப் பூஞ்சை என்று தோன்றவில்லை. எச்சில் குறைந்து, நூல் மாதிரி இழுக்கிறது. வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. திட உணவு இறங்குவதில்லை, நீர்மமாகவோ ஊறவைத்து மசித்தோதான் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்ப்புண் அளவுகோலில் 3ஆம் நிலை. பச்சைத் தண்ணீர் வேகமாகக் குடித்தபோது இந்த வாரம் ஒரு தடவை புரையேறியிருக்கிறது. விழுங்குதல் பயிற்சியாளருக்குத் தனிச்சீட்டு கொடுத்தாகிவிட்டது.

வலி: சும்மா இருக்கும்போது 10க்கு 5, விழுங்கும்போது 8. டாக்டர் முன்பு எழுதிய வலி கேப்ஸ்யூலை ஐயா மூன்று நாளாக விழுங்கவில்லை. "அது தொண்டையில ஒட்டிக்கிட்டு தீயாட்டம் எரியுதுங்க" என்றார். மருமகளுக்கு இது தெரியாது. டப்பாவை எண்ணிப் பார்த்த பிறகுதான் ஐயா ஒத்துக்கொண்டார்.

நேற்று உள்ளே போனது

வீட்டில் "ஆறு வேளை கொடுக்கிறோம்" என்றார்கள். கொடுத்தது சரிதான். நான் எழுதியிருப்பது குடித்ததை. நேற்றும் கதிர்வீச்சு நாள்.

காலை 5:45: பால் காபி, அரை டம்ளர் (75 மி.லி.). மீதியை வைத்துவிட்டார்.
6:30 முதல் 2 மணி வரை: வேலந்தாவளம் வழியாகப் பஸ், மருத்துவமனையில் காத்திருப்பு, திரும்பிப் பஸ். ஓர் இளநீர் மட்டும்.
2:15: மோர் விட்ட அரிசிக் கஞ்சி. 300 மி.லி. கொடுத்ததில் 200 குடித்தார்.
4:30: சத்துமாவுக் கஞ்சி 150 மி.லி.
இரவு 7:30: பாலில் ஊறவைத்த இட்லி. இரண்டு வைத்தார்கள், ஒன்று போனது.
9:00: சீனி போட்ட பால் 150 மி.லி.

மொத்தம் ஏறக்குறைய 600 கலோரி, 18 கிராம் புரதம். கொடுத்ததைக் கணக்கிட்டால் 900 கலோரி வரும். இவருக்குத் தேவை நாளுக்கு 1500 கலோரி (கிலோவுக்கு 30), புரதம் 60 முதல் 75 கிராம். அதாவது 40 சதவீதம்தான் போகிறது. இதே அளவில் பத்து நாளாக ஓடுகிறது என்பது மருமகள் சொன்னதிலிருந்து தெரிகிறது. தண்ணீர் எல்லாம் சேர்த்தும் ஒரு லிட்டர் வரவில்லை. சிறுநீர் மூன்று தடவை, மஞ்சள் கடுத்திருக்கிறது. மலம் போய் நான்கு நாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கையும் கேட்டேன். அன்று பயணம் இல்லை, சுமார் 850 கலோரி போயிருக்கிறது. வாய் அதே வாய்தான். எட்டு மணி நேர இடைவெளியை நிரப்பினாலே பாதி வேலை நடக்கும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

சுவை

படுக்கையருகே எளிமையாகப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் முன் வாய் கொப்பளிக்கச் சொல்லி, ஒரு கரண்டி மட்டும் கொடுத்தேன்.

சீனித் தண்ணீர்: தெரியவில்லை. "பச்சத்தண்ணிதானுங்களே" என்றார். உப்புத் தண்ணீர் (மிகக் குறைவாக): உப்பென்று தெரிந்தது, ஆனால் எரிந்தது. காபி டிக்காக்ஷன்: கசப்பு முன்பைவிட அதிகம், கூடவே இரும்பு நக்கின மாதிரி. வடிகட்டிய பருப்புத் தண்ணீர்: "இது கொஞ்சம் தெரியுது". புளிப்பைச் சோதிக்கவில்லை, புண்ணில் எலுமிச்சை விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. நெய்யில் வறுத்த சீரகத்தை முகரக் கொடுத்தேன், உடனே சொன்னார். மூக்கு நன்றாக இருக்கிறது.

மாற்றம் இரண்டாவது வாரத்தில் தொடங்கியிருக்கிறது. கதிர் நாக்கின் சுவை மொட்டுகளையும் எச்சில் சுரப்பியையும் தொடுவதால் வருவது இது. புண் பொதுவாகக் கதிர்வீச்சு முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறத் தொடங்கும். சுவை அவ்வளவு சீக்கிரம் வராது. மாதக் கணக்கில் ஆகும். இதை ஐயாவிடமே சொல்லிவிட்டேன். "அப்ப ருசி வந்தப்புறம் சாப்பிடலாம்னு உக்காந்திருக்க முடியாது" என்று அவரே சொன்னார்.

முடிவு செய்த வழிகள்

வலி முதலில். டாக்டரிடம் பேசினேன். இன்று முதல் கேப்ஸ்யூல் நிறுத்தம். பாராசிட்டமால் சிரப்பும், தண்ணீரில் கரைத்துக் கொடுக்க மார்ஃபின் 5 மி.கி. மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும் டாக்டர் எழுதியிருக்கிறார்; கூடவே மலமிளக்கி, அதை விடவே கூடாது. சாப்பாட்டை மருந்துக்கு 30 முதல் 45 நிமிடம் கழித்து வைக்கவும். இதுவரை சாப்பிட்டுவிட்டு மருந்து என்று இருந்தது, அது தலைகீழ். மரத்துப்போகும் ஜெல் கேட்டார்கள். புரையேறியிருப்பதால் சாப்பாட்டுக்கு முன் அது வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

கொப்பளிப்பு: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கட்டாயமாகச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். தினமும் புதிதாகக் கலக்கவும். கடை மவுத்வாஷில் ஆல்கஹால் இருந்தால் தொடக் கூடாது. பென்சிடமைன் திரவம் டாக்டர் எழுதியபடி.

உணவின் பதம்: வழவழப்பாக, வடிகட்டி, வெதுவெதுப்பாகவோ ஆறியோ. சூடு வேண்டாம். அடிப்படை உணவு பாசிப்பருப்புக் கஞ்சி: அரிசி 25 கிராம், பாசிப்பருப்பு 25 கிராம் குழைய வேகவைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் 50 மி.லி., நெய் ஒரு டீஸ்பூன் சேர்த்து மிக்ஸியில் அடித்து ஒரு டம்ளர். ஏறக்குறைய 320 கலோரி, 9 கிராம் புரதம். இப்போது கொடுக்கும் மோர்க் கஞ்சி அதே டம்ளருக்கு இதில் பாதிகூட வராது.

சுவைக்காக: இனிப்பு தெரியவில்லை என்பதால் நான்கு கரண்டி சீனி போடுவது வீண், வாயில் பிசுபிசுப்புதான் மிச்சம். பருப்புச் சாறும் நெய் சீரக வாசனையும் அவருக்குத் தெரிகின்றன. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சீரகத்தை நெய்யில் வறுத்து, வடிகட்டிய நெய்யை மட்டும் விடவும். எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் வேண்டாம், பீங்கான் கப்பில் கொடுக்கவும். காலைக் காபியை நிறுத்தினோம். பால் குடித்தால் கோழை கட்டுகிறது என்றார். கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, குடித்ததும் கொப்பளித்தால் சரியாகும். பாலை நிறுத்த நமக்கு வழி இல்லை.

மிளகு ரசம், தக்காளி, புளி, ஊறுகாய், முறுகலான எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டில் மணத்தக்காளிக் கீரை சொன்னார்களாம். மிளகாய் இல்லாமல் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, அடித்து வடிகட்டிக் கொடுக்கலாம், நல்ல உணவுதான். கதிர்வீச்சுப் புண்ணை அது ஆற்றிவிடும் என்று மருந்தை நிறுத்த வேண்டாம். ஐயா பதநீர் கேட்டார். எந்த நேரத்தில் இறக்கியது, எவ்வளவு புளித்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த வாய்க்கு இப்போது கூடாது.

நாள் அட்டவணை

5:45 பருப்புக் கஞ்சி. 9:30 (மருத்துவமனையில், ஃபிளாஸ்க்கில்) கெட்டிப் பால் 200 மி.லி., இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர். 12:00 (பஸ் ஏறும் முன்) மீண்டும் அதே பால். 2:30 பருப்புக் கஞ்சியில் வேகவைத்த முட்டை ஒன்று அடித்து. 5:00 ஆவியில் வேகவைத்த நேந்திரம் பாதி, பாலில் அடித்து. 8:00 முட்டைக் கஞ்சி.

எல்லாம் உள்ளே போனால் 1780 கலோரி, 68 கிராம் புரதம். வேண்டுமென்றே கூட்டித்தான் வைத்திருக்கிறேன். எப்படியும் ஒவ்வொரு கப்பிலும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் பத்து நாள் அரைப்பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக ஏற்றக் கூடாது. நாளை நான்கு வேளை மட்டும், சனிக்கிழமை ஐந்து, ஞாயிறு முதல் ஆறு. பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம் பார்க்க இன்று ரத்தம் எடுத்தாகிவிட்டது. தயமின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க டாக்டர் எழுதியிருக்கிறார். பயணத்தில் குடிக்கத் தயங்கியதற்குக் காரணம், வழியில் சிறுநீர் கழிக்க இடம் இல்லை என்பது. கதிர்வீச்சு முடிந்ததும், பஸ்ஸுக்கு முன், மருத்துவமனையிலேயே போய்விட்டு வரலாம் என்று பேசிக்கொண்டோம்.

மூக்குக் குழாய்

தேவையில் 60 சதவீதத்துக்கும் குறைவாக ஒன்றிரண்டு வாரம் போனால் குழாய் போடுவதுதான் முறை. இவர் அந்த எல்லையில்தான் நிற்கிறார். இன்றே போடலாம் என்பது என் கருத்து. ஐயா வேண்டாம் என்கிறார்: "ஊர்ல எல்லாரும் பார்ப்பாங்க." வலி மருந்து இதுவரை சரியாகப் போகவே இல்லை என்பதால், அதைக் கொடுத்துப் பார்க்க நான்கு நாள் தருவதில் டாக்டரும் நானும் உடன்பட்டோம். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் குடித்தது 900 கலோரிக்குக் கீழே இருந்தால், அல்லது திங்கள் எடை 49.5க்குக் கீழே போனால், செவ்வாய் குழாய். கதிர்வீச்சு முடிந்து புண் ஆறியதும் எடுத்துவிடலாம் என்று சொன்னபோது, "அப்படின்னா பார்க்கலாமுங்க" என்றார்.

நர்ஸுக்கு: சனிக்கிழமை போகும்போது நோட்டில் கப்பின் மீதி எழுதப்பட்டிருக்கிறதா பார்க்கவும். வைத்தது ஒரு கட்டம், மிஞ்சியது ஒரு கட்டம். நாக்கில் வெள்ளைத் திட்டு, 100.4க்கு மேல் காய்ச்சல், இரண்டாவது முறை புரையேறல், எட்டு மணி நேரம் சிறுநீர் இல்லாமை, மார்ஃபினால் அதிகத் தூக்கம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டருக்குப் போன்.

அடுத்த எடை: திங்கள் 14.07.2025, 21ஆவது கதிர்வீச்சுக்கு முன், இதே தராசில், செருப்பில்லாமல்.