சுண்டைக்காய் வற்றல் குழம்பு: வீடியோவில் சொன்னபடி

4 பேருக்கு. புளி ஊற 20 நிமிடம், அடுப்பில் 35 நிமிடம்.

கும்பகோணத்து அம்மா ஒருவர் பேசிக்கொண்டே செய்து காட்டிய குழம்பு இது. ‘கொஞ்சம்’, ‘கையளவு’ என்று அவர் சொன்னவற்றை, கரண்டியில் தெரிந்ததை வைத்து அளவாக்கியிருக்கிறேன். கப் என்றால் 250 மி.லி.

தேவையானவை
புளி – எலுமிச்சை அளவு (35 கிராம்)
சுண்டைக்காய் வற்றல் – 3 மேசைக்கரண்டி
நல்லெண்ணெய் – 5 மேசைக்கரண்டி
சின்ன வெங்காயம் – 15, பூண்டு – 12 பல்
சாம்பார் பொடி – 2 மேசைக்கரண்டி
மஞ்சள் தூள் – கால் தேக்கரண்டி
கல் உப்பு – 1 தேக்கரண்டி
வெல்லம், அரிசி மாவு – தலா 1 தேக்கரண்டி
தாளிக்க: கடுகு 1 தேக்கரண்டி, துவரம் பருப்பு 1 தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மிளகாய் வற்றல் 2, பெருங்காயம், கறிவேப்பிலை

செய்முறை
புளியை ஒரு கப் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, மேலும் தண்ணீர் சேர்த்து 3 கப் கரைசலாக வடிகட்டவும்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வற்றலைச் சிறு தீயில் 2 நிமிடம் வறுத்துத் தனியே எடுக்கவும். அம்மா அதிகம் எச்சரிப்பது இந்த இடத்தில்தான்: ஆழ்ந்த பழுப்பு நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், கறுத்தால் குழம்பே கசக்கும்.

மீதி எண்ணெயில் கடுகு, பருப்பு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளிக்கவும். வெந்தயம் சீக்கிரம் கருகும் என்பதால் கடைசியில். பிறகு பூண்டு, வெங்காயத்தை 6 நிமிடம் வதக்கவும்.

அடுப்பை அணைத்துவிட்டு சாம்பார் பொடியும் மஞ்சள் தூளும் போட்டு 30 விநாடி கிளறவும். எரியும் அடுப்பில் போட்டால் பொடி கமறும் என்கிறார்.

புளிக்கரைசலும் உப்பும் சேர்த்து மீண்டும் அடுப்பைப் பற்றவைக்கவும். ‘நன்றாகக் கொதிக்கட்டும்’ என்றதும் வீடியோ வெட்டுப்பட்டு, அடுத்த காட்சியில் குழம்பு பாதியளவுக்கு வற்றியிருக்கிறது. மிதமான தீயில் அதற்கு 20 நிமிடம் கொடுங்கள். நேரத்தைவிட இரண்டு அடையாளங்களை நம்பலாம்: பச்சை வாடை போயிருக்கும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்திருக்கும்.

வெல்லத்தையும், 2 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்த அரிசி மாவையும் விட்டு 2 நிமிடம், வறுத்த வற்றலைப் போட்டு இன்னும் 3 நிமிடம். முதலிலேயே போட்டால் வற்றல் சொதசொதத்துவிடுமாம். வற்றலிலும் உப்பு இருப்பதால், இப்போது ருசி பார்த்த பிறகே குறைந்த உப்பைச் சேர்க்கவும். வெல்லத்தை அவர் இறக்கிய பிறகு நினைவு வந்து போட்டார். உரிய இடத்துக்கு நகர்த்தியிருக்கிறேன்.

எண்ணெயைக் குறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு அவர் பதில்: குறைக்கலாம், ஆனால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். சொன்ன அளவு ஊற்றினால், ஈரக் கரண்டி படாமல் குளிர்பெட்டியில் 4 நாள் வைத்துக்கொள்ளலாம். சுட்ட அப்பளம் தொட்டுக்கொள்ள.