ஏழுமலை அண்ணனுக்கு வழியனுப்பு உரை

அனைவருக்கும் வணக்கம்.

மாலை டிபனுக்கு ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்க வேண்டும். அதற்குள் பேசி முடித்துவிடுகிறேன். ஏழுமலை அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அண்ணே, இன்று ஒரு நாள் கடிகாரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் உட்காருங்கள்.

முதலில் அண்ணிக்கு என் வணக்கம். இந்த 39 ஆண்டுகளில் அண்ணி இந்தக் கடைக்கு வருவது இது மூன்றாவது முறை. முதல் முறை மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். இரண்டாவது முறை எங்கள் அப்பா காலமானபோது வந்தார். பொங்கலுக்கு நான்கு நாள், ஊர்த் திருவிழாவுக்கு மூன்று நாள், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஓரிரு நாள்: அண்ணன் வீட்டில் இருந்தது அவ்வளவுதான். பிள்ளைகள் இருவரையும் பள்ளியில் சேர்த்தது, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது, நிலத்தைப் பார்த்துக்கொண்டது எல்லாம் அண்ணி. அண்ணனை நாங்கள் எங்கள் வீட்டு ஆள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அப்படிச் சொல்ல முடிந்தது உங்கள் வீடு அவர் இல்லாமல் நடந்ததால்தான், அண்ணி. அது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

1986-இல், 21 வயதில், செஞ்சிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் பாரிமுனையில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டே பழைய வண்ணாரப்பேட்டைக்கு நடந்து வந்தவர் அண்ணன். அப்போது வெளியூர் பஸ்கள் பாரிமுனைக்கு வரும். 2002-இல் பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்குப் போனது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு ஊருக்குப் போக அங்கே செல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் பஸ் ஏறும் இடம் ஒவ்வொரு முறையும் கடையை விட்டு விலகி, அவர் ஊருக்குக் கொஞ்சம் கிட்டே போய்க்கொண்டே இருந்தது. அவர் மட்டும் இந்த நான்காம் நம்பர் மேசைக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவிலேயே இருந்தார்.

வந்த புதிதில் மேசை துடைத்தார். பிறகு தண்ணீர் வைத்தார். ஆறு மாதம் கழித்துத்தான் அப்பா அவர் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார். "வாளி பிடிக்கத் தெரிந்தவன்தான் சப்ளையர்" என்பது அப்பாவின் கணக்கு. கரண்டியை வாளி விளிம்பில் ஒரு முறை தட்டிவிட்டுத்தான் இலைப் பக்கம் கொண்டுவர வேண்டும், சொட்டு கீழே விழக்கூடாது. இன்றுவரை அண்ணன் பரிமாறிய மேசையில் சாம்பார் சொட்டி நான் பார்த்ததில்லை. அந்தத் தட்டல் சத்தம் எனக்குப் பள்ளிக்கூட நாள்களின் சத்தம். மாடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது கீழே கேட்டுக்கொண்டே இருக்கும். வாளி நிறைந்திருந்தால் ஒரு சத்தம், அடியில் கொஞ்சம் இருந்தால் வேறு சத்தம்.

அவருடைய ஞாபகசக்தியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆறு பேர் மேசைக்கு ஆர்டரை எழுதாமலே வாங்கி, யாருக்கு முறுகல், யாருக்கு வெங்காயம் வேண்டாம், யாருக்குச் சர்க்கரை இல்லாத காபி என்று மாறாமல் வைப்பார். துறைமுகத்து லாரி ஓட்டுநர்கள், எம்.சி. ரோடு ஜவுளிக் கடைப் பிள்ளைகள், காசிமேட்டில் விடிகாலை ஏலம் முடித்துவிட்டு வருபவர்கள் என்று யார் வந்தாலும் உட்காரும் முன்பே அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அது பெரிய திறமைதான். ஆனால் நான் இன்று சொல்ல நினைப்பது வேறு.

நம் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்து வருபவர்கள். உள்ளே யாரோ படுத்திருப்பார்கள், இவர்கள் வெளியே வராந்தாவில் படுத்து எழுந்து வருவார்கள். கையில் ஒயர் கூடை, அதில் ப்ளாஸ்க். விலைப் பலகையைக் கீழிருந்து மேலாகப் படிப்பார்கள். அண்ணன் அவர்களிடம் "என்ன வேண்டும்" என்று கேட்கவே மாட்டார். இட்லியை வைத்துவிட்டு, ப்ளாஸ்க்கை எடுத்துப்போய்க் கழுவி வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்து காலடியில் வைப்பார். பார்சல் நோயாளிக்கு என்றால் சட்னியைத் தனியாகக் கட்டுவார், காரம் சேர்க்கக்கூடாதவர்களாக இருக்கலாம் என்பதால். பிள்ளைகளை வேலைக்கு எடுத்தால் அவர் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவர் பக்கத்தில் மேசையைத் துடைக்காதே. துடைத்தால் எழுந்திரு என்று அர்த்தம்.

இந்தப் பாடம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. 2011-இல் நான் கல்லாவில் உட்கார ஆரம்பித்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாற்காலிக்குப் பின்னால் ஆள்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். நான்காம் நம்பர் மேசையில் ஒருவர் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார். எதிரில் டபராவில் காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. நான் அண்ணனைக் கூப்பிட்டு, மேசையைத் துடைக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் நகரவில்லை. இரண்டாம் முறை குரலை உயர்த்திச் சொன்னேன். அண்ணன் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "பாப்பா, பதினொரு நாளாக வருகிறார். இன்றைக்கு அவர் கையில் ப்ளாஸ்க் இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். ஆறிய காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், சூடாக வேறொன்று போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். நின்றுகொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பின்வரிசைக்கு அனுப்பினார். அந்த மனிதர் எழுந்து போகிறவரை அந்த மேசைப் பக்கம் துணி போகவில்லை. நான் நான்கு வருடம் கல்லூரியில் படித்துவிட்டுக் கடைக்கு வந்தவள். பதினொரு நாளும் அதே கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தேன், அவரிடம் காசும் வாங்கியிருக்கிறேன். ப்ளாஸ்க்கை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

2004 டிசம்பர் 26-உம் ஞாயிற்றுக்கிழமைதான். சுனாமி என்ற சொல் அன்று காலை நம்மில் யாருக்கும் தெரியாது. கடற்கரைப் பக்கத்திலிருந்து ஈரத் துணியோடு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்பா அடுப்பை அணைக்க வேண்டாம் என்றார். மாஸ்டர் உப்புமா கிளறிக்கொண்டே இருந்தார். அண்ணன் வாளியோடு வாசலில் நின்றார். கையேந்தி நிற்கவிடாமல், ஒவ்வொருவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்து இலை போட்டார். இலை தீர்ந்ததும் தட்டு. தட்டு தீர்ந்ததும், கழுவக் கழுவ மறுபடி. "கடைக்கு வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிடட்டும்" என்று அப்பாவிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஒரு விஷயத்தை இன்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியாக வேண்டும். அண்ணனின் காலைப் பார்த்திருப்பீர்கள். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகப் புடைத்திருக்கும். காலை ஐந்தரைக்கு நின்றால் இரவு பத்தரைக்குத்தான் கால் மடங்கும், நடுவில் மதியம் இரண்டு மணி நேரம் தவிர. அந்த வீக்கத்தின் மேல் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு பல ஆண்டுகள் வேலை செய்தார். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகுதான் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த இரண்டு முக்காலிகளைப் போட்டேன். அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். சட்டம் வரும்வரை எனக்குத் தோன்றாமல் போனதற்காக, அண்ணே, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முக்காலி வந்த பிறகும் நீங்கள் உட்காரவில்லை. மேசை துடைக்கும் அம்மாவை உட்காரச் சொன்னீர்கள், அவருக்கு உங்களைவிட மூட்டு வலி அதிகம் என்று.

2020-இல் ஊரடங்கு. ராயபுரம் மண்டலத்தில் தொற்று அதிகமாக இருந்த நாள்கள். பிள்ளைகள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அண்ணன் போகவில்லை. மாடி அறையில் தனியாக இருந்தார். பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்றதும் அவரும் மாஸ்டரும் இரண்டே பேராகக் கடையைத் திறந்தார்கள். அந்த மாதங்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. நானும் அதிகம் சொல்லப்போவதில்லை. இந்தக் கடை இன்று திறந்திருக்கிறது என்றால் அவர்கள் இருவரும் அன்று திறந்ததால்தான்.

அண்ணனுக்கு இன்று கொடுக்கும் உறையில் இருப்பது பணிக்கொடை. வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்று, கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துப் போட்ட கணக்கு. 39 ஆண்டுக்கும் விடாமல் போட்டிருக்கிறோம். அது நாங்கள் தரும் பரிசு இல்லை, அவர் சம்பாதித்த பணம். அதை அண்ணி கையில் கொடுக்கச் சொன்னது அண்ணன். எங்கள் பரிசு வேறு: அப்பா காபி குடித்த பித்தளை டபரா. தினமும் பதினொரு மணிக்கு அதில் அரைக் காபி கொண்டுபோய்க் கொடுத்தது நீங்கள்தான். கடைசி வருடம் அப்பாவுக்குக் கை நடுங்கியபோது, பாதிக்கும் குறைவாக ஊற்றி இரண்டு தடவையாகக் கொடுத்தீர்கள், சிந்திவிட்டது என்று அவர் வெட்கப்படக்கூடாது என்பதற்காக. அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். டபரா உங்களுக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னது அம்மா.

பிள்ளைகளே, நாளை காலை ஐந்தரைக்கு அண்ணன் இருக்க மாட்டார். ஒயர் கூடையோடு யாராவது வந்தால் முதலில் வெந்நீர்.

அண்ணே, அண்ணி, ஆறு மணிக்கு ஆட்டோ வரும். கிளாம்பாக்கம் போய்ச் சேரவே நேரமாகும், வீடு போய்ச் சேர நடு இரவாகிவிடும். வழிக்கு இட்லி கட்டியிருக்கிறேன். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய இலையில் வைத்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறேன். தேங்காய்ச் சட்னி வைக்கவில்லை. தூரப் பயணத்துக்கு வைத்தால் ஊசிப்போய்விடும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். ப்ளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.