ஸ்டாக் கிளைமில் ஆவரேஜ் பிடித்தம்: சர்வேயர் அறிக்கைக்கு எழுத்துமூல ஆட்சேபம்

பேரணாம்பட்டு
29.09.2025

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
காப்பீட்டு நிறுவனம், வேலூர் கிளை.

பொருள்: பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி – 11.06.2025 இரவு தீ விபத்து – ஸ்டாக் இழப்பில் 22.36 சதவீதம் குறைக்காப்பீடு எனக் கழித்ததை மறுத்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சர்வேயர் அறிக்கையின் நகல் 22.09.2025 அன்று கிடைத்தது. இயந்திரங்களுக்கு அவர் போட்ட 3,20,000 ரூபாயை ஏற்கிறோம். அந்த இனத்தில் அவர் ஆவரேஜ், அதாவது குறைக்காப்பீட்டு விகிதப்படியான பிடித்தம், கழிக்கவில்லை. தகராறு ஸ்டாக் இனத்தில் மட்டும்தான். அதிலும் எரிந்த சரக்கின் மதிப்பு 14,00,000, அதில் மிஞ்சியதன் மதிப்பான சால்வேஜ் 2,00,000 என்ற இரண்டு எண்களிலும் எங்களுக்கு மறுப்பில்லை. மறுப்பது அன்றிரவு எங்கள் தோல் ஃபினிஷிங் கூடத்தில் இருந்த மொத்தச் சரக்கின் மதிப்பு என்று அவர் எழுதியிருக்கும் 77,28,000 ரூபாயை.

அந்தத் தொகையை அவர் சேர்த்த விதம் இது:

ஃபினிஷ்டு தோல், 22,000 சதுர அடி × 135 ரூபாய் = 29,70,000
கிரஸ்ட், 20,000 சதுர அடி × 92 ரூபாய் = 18,40,000
சொந்த வெட் ப்ளூ = 9,60,000
கெமிக்கல், ஜிஎஸ்டி சேர்த்து = 7,08,000
ஜாப் ஒர்க் வெட் ப்ளூ = 12,50,000
மொத்தம் = 77,28,000

ஸ்டாக்குக்குக் காப்பீட்டுத் தொகை 60,00,000. ஆகவே 22.36 சதவீதம் குறைவு என்றும், 15 சதவீதச் சலுகையைத் தாண்டியதால் ஆவரேஜ் பொருந்தும் என்றும் முடித்துவிட்டார்.

முதலில் கடைசி வரியைப் பாருங்கள். 12,50,000 ரூபாய் வெட் ப்ளூ, அதாவது குரோம் பதனிட்ட ஈரத் தோல், எங்களுடையது அல்ல. ஆம்பூர் ஏற்றுமதியாளர் ஒருவர் மூன்று டெலிவரி சலானில் ஷேவிங், ஃபினிஷிங் செய்ய அனுப்பியது. கேட் பதிவேட்டில் தனி நோட்டு, கூடத்தில் தனி ரேக், கட்டுக்குக் கட்டு அவருடைய அடையாளச் சீட்டு. எங்கள் பாலிசி அட்டவணையில் சொந்தச் சரக்கு மட்டுமே உண்டு. பிறர் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பதற்கான கவரை நாங்கள் எடுக்கவில்லை, பிரீமியமும் கட்டவில்லை. இது சர்வேயருக்கும் தெரியும். ஏனெனில் அதே ரேக்கில் தண்ணீர் பட்டுக் கெட்ட 140 தோல்களை, 'உங்கள் சொத்து அல்ல' என்று இழப்புக் கணக்கிலிருந்து அவரே நீக்கியிருக்கிறார். இழப்பைக் கணக்கிடும்போது பிறர் பொருளாக இருந்தது, மதிப்பைக் கூட்டும்போது மட்டும் எப்படி எங்கள் பொருளாகும்? ஆவரேஜ் நிபந்தனை காப்பீடு செய்த சொத்தின் மதிப்பைத்தான் காப்பீட்டுத் தொகையோடு ஒப்பிடச் சொல்கிறது. கூரைக்குக் கீழே இருந்ததையெல்லாம் அல்ல.

இந்த ஒரு வரியை நீக்கினாலே மதிப்பு 64,78,000 ஆகிறது. குறைவு 4,78,000, அதாவது 7.38 சதவீதம். மதிப்பை அடியாக வைத்தாலும் காப்பீட்டுத் தொகையை அடியாக வைத்தாலும் 15 சதவீதத்துக்கு உள்ளேதான் நிற்கிறது. பாலிசியின் சலுகைப்படி அப்போதே கழிவு ஒன்றுமில்லை.

இருந்தாலும் மற்ற இரண்டு வரிகளும் பதிவில் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறோம். ஃபினிஷ்டு தோலுக்கு 135 ரூபாய் என்பது மே மாத விற்பனை பில்லில் உள்ள விலை. அதில் எங்கள் லாபமும் இருக்கிறது, வாங்குபவரின் கடன் நாட்களுக்காக ஏற்றிய தொகையும் இருக்கிறது. ஆடிட்டர் சான்றளித்த காஸ்ட் ஷீட்படி உற்பத்திச் செலவு சதுர அடிக்கு 112 ரூபாய். கெமிக்கல் கணக்கில் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்திருக்கிறார். அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துவிட்டோம் என்பது ஜிஎஸ்டிஆர்-3பி-யிலேயே தெரியும். எங்களுக்கு ஆன செலவு 6,00,000 மட்டுமே.

இதில் விசித்திரம், இழப்பை மதிப்பிடும்போது சர்வேயர் சரியான விலையைத்தான் பிடித்திருக்கிறார். எரிந்த 10,000 சதுர அடி ஃபினிஷ்டு தோலுக்கு 112 ரூபாய் வீதம் 11,20,000, கிரஸ்ட் 2,500 சதுர அடிக்கு 2,30,000, கெமிக்கலுக்கு வரி நீக்கி 50,000. அதுதான் 14,00,000. கொடுக்கும் பக்கம் 112, கழிக்கும் பக்கம் 135. பகுதி இழப்பில் இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலில் இருந்தால்தான் ஆவரேஜ் விகிதத்துக்கே அர்த்தம். இல்லாவிட்டால் முழுத் தொகைக்குக் காப்பீடு செய்தவர்கூட லாப விகிதம் அளவுக்குக் குறைக்காப்பீடு செய்தவர் ஆகிவிடுவார்.

ஒரே அளவுகோலில் போட்டால் 24,64,000 + 18,40,000 + 9,60,000 + 6,00,000 = 58,64,000. காப்பீட்டுத் தொகை 60,00,000. குறைவே இல்லை. விபத்துக்கு முன்பே, மே 31 நிலவரமாக வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில் சொந்தச் சரக்கு 57,90,000 என்று இருக்கிறது. கிளைமை மனதில் வைத்து எழுதிய காகிதம் அல்ல அது.

இன்னொரு பிழை, ஆவரேஜ் பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும் நிற்கும். சர்வேயர் 14,00,000-க்கு விகிதம் போட்டு 10,86,957 ஆக்கி, அதன் பிறகு சால்வேஜ் 2,00,000-ஐ முழுதாகக் கழித்து 8,86,957 என்கிறார். சால்வேஜ் போக உள்ளதுதான் இழப்பு. எனவே விகிதம் 12,00,000-க்குத்தான் வரும்: 9,31,677. இந்த வரிசை மாற்றத்தால் மட்டும் 44,720 ரூபாய் போகிறது. இழப்பில் ஒரு பங்கை எங்கள் தலையில் வைத்தால், சால்வேஜிலும் அதே பங்கு எங்களுக்கு வர வேண்டும் அல்லவா?

எனவே ஸ்டாக் இழப்பில் வர வேண்டியது 12,00,000. அறிக்கையில் குறைந்திருப்பது 3,13,043. பாலிசி அட்டவணைப்படியான எக்ஸஸைக் கடைசியில் கழிப்பதில் மறுப்பில்லை.

சர்வேயர் அறிக்கையை மீறி எதுவும் செய்ய முடியாது என்று தொலைபேசியில் கிளையிலிருந்து சொன்னார்கள். இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 64யுஎம், சர்வேயர் மதிப்பிட்ட தொகைக்கு மாறான தொகையிலும் கிளைமைத் தீர்க்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உள்ள உரிமையைத் தெளிவாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நியூ இந்தியா அஷூரன்ஸ் – பிரதீப் குமார் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றமும் சர்வேயர் அறிக்கை மாற்றவே கூடாத இறுதி வார்த்தை அல்ல என்று சொல்லியிருக்கிறது.

நாங்கள் கேட்பது: இணைப்புகளைச் சர்வேயருக்கு அனுப்பி, மேலே சொன்ன மூன்று வரிகளுக்கும் சால்வேஜ் வரிசைக்கும் தனித்தனியே பதில் சொல்லும் கூடுதல் அறிக்கை வாங்குங்கள். 'ஆவணங்களைப் பரிசீலித்தோம்' என்ற ஒற்றை வரி போதாது. ஜாப் ஒர்க் சரக்கை எந்தப் பாலிசி வாசகத்தின் கீழ் சேர்த்தார் என்பது அதில் இருக்க வேண்டும். தகராறு இல்லாத ஸ்டாக் தொகை 8,86,957-ஐயும் இயந்திரத் தொகையையும், எக்ஸஸ் போக, அதுவரை நிறுத்தி வைக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் வவுச்சரில் 'எதிர்ப்புடன், பகுதித் தொகையாக மட்டும்' என்று எழுதியே கையெழுத்திடுவோம். 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற வாசகத்துடன் வரும் படிவத்தைத் திருப்பி அனுப்புவோம்.

இக்கடிதத்தை உங்கள் குறைதீர்ப்பு அலுவலருக்கான புகாராகவும் எடுத்துக்கொள்ளவும். நகல் பீமா பரோசா தளத்தில் ஏற்றப்படுகிறது. ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ, உத்யம் பதிவுள்ள குறுந்தொழில் என்ற முறையில் சென்னை காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனு கொடுப்போம்.

இணைப்பு: ஜூன் 11 வரையிலான ஸ்டாக் பதிவேடு, மூன்று டெலிவரி சலான்கள், கேட் பதிவேட்டுப் பக்கங்கள், சரக்கு தமக்கே சொந்தம் என்று ஆம்பூர் நிறுவனம் தந்த கடிதம், காஸ்ட் ஷீட், ஏப்ரல்–மே ஜிஎஸ்டிஆர்-3பி, வங்கிக்குக் கொடுத்த மே மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட், உத்யம் சான்று.

இப்படிக்கு,
உரிமையாளர்,
தோல் ஃபினிஷிங் கூடம்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.

நகல்: சர்வேயர், கடன் கொடுத்த வங்கியின் கிளை மேலாளர்.